நான்கு ஆட்டங்களை எவ்வளவு நம்புவது? அணி வலிமை மாடல் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

கால்பந்து முடிவுகளிலிருந்து அணிகளின் வலிமையைக் கணக்கிடுபவர்கள் நீங்கள். பாய்சான் ரெக்ரஷன் உங்களுக்குப் பழகியது. ஸ்டானிலோ பைஎம்சியிலோ ஒரு மாடலையாவது ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். நம்மிடையே ஊறிப்போன ஒரு வழக்கத்தைக் கைவிடும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

சீசன் தொடங்கிய முதல் சில வாரங்களில் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். சிலர் மூன்று, நான்கு ஆட்டங்களின் சராசரியை அப்படியே எடுத்துத் தரவரிசை போடுகிறார்கள். மற்றவர்கள், "பத்து ஆட்டமாவது முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரண்டாவது பொறுப்பான வழிபோலத் தெரியும். அதன் பொருள் என்னவென்று பாருங்கள்: ஒன்பதாவது ஆட்டம் வரை தரவுக்கு மதிப்பு பூஜ்யம், பத்தாவது ஆட்டம் முடிந்ததும் முழு மதிப்பு. ஒரே இரவில் அப்படி மாறுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. தரவு சேரச் சேர நம்பிக்கையும் படிப்படியாகக் கூட வேண்டும். எந்த வேகத்தில் கூட வேண்டும் என்பதையும் நம் விருப்பத்துக்கு விடாமல், தரவிலிருந்தே எடுக்க முடியும். படிநிலை பேய்சியன் மாடல் தரும் சுருக்கம், நாம் பேச்சில் ஷ்ரிங்கேஜ் என்பது, அதைத்தான் செய்கிறது.

ஒரு உண்மையான அணியை வைத்துக் கையால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

2022 ஆகஸ்ட். இரண்டாம் நிலை லீகிலிருந்து பிரீமியர் லீகுக்கு ஏறி வந்திருந்தது போர்ன்மத். முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவை 2-0 என்று வென்றது. அடுத்து மான்செஸ்டர் சிட்டியிடம் 0-4, ஆர்சனலிடம் 0-3. ஆகஸ்ட் 27 அன்று லிவர்பூலிடம் 0-9. சில நாள்களில் மேலாளர் ஸ்காட் பார்க்கர் நீக்கப்பட்டார். நான்கு ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 16, அதாவது ஆட்டத்துக்கு 4. மீதி 34 ஆட்டங்களிலும் இதே வேகம் என்றால் இன்னும் 136 கோல் வாங்க வேண்டும். அப்படி நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொது அறிவை எண்ணாக்குவதுதான் வேலை.

முதலில், அணிகளுக்கு இடையே உண்மையான வேறுபாடு எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆகஸ்ட் 2022-இல் கையில் இருந்தது 2021-22 சீசன். அந்த ஆண்டு 20 அணிகளும் சேர்ந்து வாங்கிய கோல்கள் 1071. அணிக்குச் சராசரி 53.55, ஆட்டத்துக்கு 1.41. மிகக் குறைவாக வாங்கியவை சிட்டியும் லிவர்பூலும், தலா 26. மிக அதிகமாக வாங்கியது நார்விச், 84. இந்த 20 எண்களின் விலக்க வர்க்கச் சராசரி சுமார் 263.

இந்த 263 முழுவதும் திறமை வேறுபாடு இல்லை. எல்லா அணிகளும் சமமான தற்காப்பு உடையவையாக இருந்தாலும், பாய்சான் பரவலின்படி வெறும் அதிர்ஷ்டத்தாலேயே சராசரிக்குச் சமமான அளவு, அதாவது சுமார் 54, வந்திருக்கும். அதைக் கழித்தால் 210 மிஞ்சுகிறது. அணிகளுக்கு இடையிலான உண்மையான விரிவு இதுதான். இதன் வர்க்கமூலம் 14.5, சராசரியோடு ஒப்பிட்டால் 27 சதவீதம். ஒரு சராசரி அணிக்கும் அதைவிட ஒரு திட்ட விலக்கம் மோசமான அணிக்கும் இடையே வாங்கும் கோல்களில் கால் பங்குக்குச் சற்று மேலான வித்தியாசம்தான் உண்டு. ஆட்டத்துக்கு 4 கோல் என்பது சராசரியின் 2.8 மடங்கு. இந்த அளவுகோலில் அது எங்கோ வெளியே நிற்கிறது.

இதை முன்பரவலாக்குவோம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு தற்காப்புப் பெருக்கி உண்டு என்று கொள்ளுங்கள். லீக் சராசரி 1. 1-க்கு மேலே போனால் பலவீனமான தற்காப்பு. அந்தப் பெருக்கி, சராசரி 1, வடிவ எண் k கொண்ட காமா பரவலிலிருந்து வருகிறது என்று வைத்தால், k என்பது 53.55-இன் வர்க்கத்தை 210-ஆல் வகுத்தது, சுமார் 14. பாய்சானும் காமாவும் பொருந்திப் போகும் இணை என்பதால் பின்பரவலின் சராசரி ஒரே வரியில் வந்துவிடும்:

```
பெருக்கி = (k + வாங்கிய கோல்) / (k + எதிர்பார்த்த கோல்)
```

சராசரி அணி நான்கு ஆட்டங்களில் 4 × 1.41 = 5.64 கோல் வாங்கும். ஆகவே போர்ன்மத்தின் பெருக்கி 30 / 19.64, அதாவது 1.53. ஆட்டத்துக்கு 2.15 கோல். நான்கு என்ற எண் ஒரே அடியில் பாதிக்கு வந்துவிட்டது.

இன்னும் ஒரு குறை உண்டு. போர்ன்மத் சந்தித்தவை சராசரி அணிகள் அல்ல. முந்தைய சீசனில் சிட்டி 99 கோல் அடித்திருந்தது, லிவர்பூல் 94, ஆர்சனல் 61, வில்லா 52. அணிக்கு 53.55 என்ற சராசரியோடு ஒப்பிட்டால் இந்த நான்கும் சேர்ந்து 5.7 சராசரி எதிரணிகளுக்குச் சமம். சொந்த மைதானத்தில் இரண்டு, வெளியே இரண்டு என்பதால் மைதானச் சாதகம் ஏறக்குறைய கழிந்துவிடும். எதிர்பார்த்த கோல் 8.05 ஆகிறது. பெருக்கி 30 / 22.05 = 1.36, ஆட்டத்துக்கு 1.92.

பிறகு என்ன நடந்தது? அடுத்த ஆறு ஆட்டங்களில் போர்ன்மத் தோற்கவே இல்லை. அவற்றில் வாங்கியது மொத்தம் 6 கோல். சீசன் முடிவில் 71 கோல் வாங்கி 15-ஆம் இடம் பிடித்து லீகில் நிலைத்தது. முதல் நான்கைக் கழித்தால் 34 ஆட்டங்களில் 55 கோல், ஆட்டத்துக்கு 1.62. சுருக்கிய மதிப்பீடு 65 கோல் எதிர்பார்த்தது. சுருக்காதது எதிர்பார்த்தது 136. மேலாளர் மாறியதால் மீதி 34 ஆட்டங்களும் முழுக்க அதே அணியுடையவை அல்ல என்பது உண்மைதான்; ஆனால் 55-க்கும் 136-க்கும் உள்ள இடைவெளியை அது விளக்காது.

சமன்பாட்டை மறுபடி பாருங்கள். அணியின் சொந்தத் தரவுக்குக் கிடைக்கும் எடை, எதிர்பார்த்த கோலை அதனோடு k சேர்த்த தொகையால் வகுத்தது. சராசரி எதிரணிகளை வைத்துச் சொன்னால், 4 ஆட்டங்களில் அது 29 சதவீதம், 10 ஆட்டங்களில் 50, 19 ஆட்டங்களில் 66, 38 ஆட்டங்களும் முடிந்தபோது 79. "பத்து ஆட்டம் ஆகட்டும்" என்று சொன்னவர்கள் பாதிவழியைத்தான் வாசலாக நினைத்துக்கொண்டார்கள். சீசன் முடிந்த பிறகும் ஐந்தில் ஒரு பங்கு லீக் சராசரியின் பக்கம் நிற்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. 84 கோல் வாங்கிய நார்விச்சின் உண்மையான தற்காப்பு, 84 காட்டுவதைவிடச் சற்று நன்றாக இருந்திருக்கும் என்பதே சிறந்த ஊகம்.

இதுவரை செய்தது எம்பிரிகல் பேய்ஸ்: k-யை ஒரு முறை கணக்கிட்டு, அதை நிச்சயமான எண்ணாக வைத்துக்கொண்டோம். அது அவ்வளவு நிச்சயமா? 2022-23 சீசன் முடிந்ததும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டு 1084 கோல்கள், அணிக்கு 54.2, விலக்க வர்க்கச் சராசரி 163. அதிர்ஷ்டத்தின் பங்கைக் கழித்தால் 109, k சுமார் 27. அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் 14, 27. லீக் திடீரெனச் சமநிலை அடைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 20 எண்களை மட்டும் வைத்து ஒரு விரிவைக் கணக்கிட்டால் இவ்வளவு ஊசலாட்டம் இருக்கத்தான் செய்யும். k 27 என்றால் போர்ன்மத்தின் 1.92 கூட 1.73 ஆகிறது.

படிநிலை மாடல் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். அணிகளின் விரிவையும் தெரியாத அளவாகவே வைத்து, அதற்கும் ஒரு முன்பரவல் கொடுத்து, எல்லா அணிகளோடும் சேர்த்து மதிப்பிடுகிறோம். அப்போது 14-இல் ஒரு விடை, 27-இல் ஒரு விடை என்றில்லாமல், சாத்தியமான எல்லா விரிவுகளின் மீதும் சராசரி எடுக்கப்படுகிறது. எதிரணிகளின் தாக்குதலைக் கையால் கணக்கிட்டபோது தெரிந்த எண்களாகக் கொண்டோமே, அவையும் இங்கே ஒன்றாக மதிப்பிடப்படும். லாக் அளவில் எழுதினால் ஸ்டானில் இவ்வளவுதான்:

```stan
data {
  int<lower=1> N;
  int<lower=1> T;
  array[N] int<lower=1, upper=T> h;
  array[N] int<lower=1, upper=T> a;
  array[N] int<lower=0> hg;
  array[N] int<lower=0> ag;
}
parameters {
  real mu;
  real home;
  real<lower=0> tau_att;
  real<lower=0> tau_def;
  vector[T] z_att;
  vector[T] z_def;
}
transformed parameters {
  vector[T] att = tau_att * z_att;
  vector[T] def = tau_def * z_def;
}
model {
  mu ~ normal(0.3, 0.3);
  home ~ normal(0.2, 0.2);
  tau_att ~ normal(0, 0.4);
  tau_def ~ normal(0, 0.4);
  z_att ~ std_normal();
  z_def ~ std_normal();
  hg ~ poisson_log(mu + home + att[h] + def[a]);
  ag ~ poisson_log(mu + att[a] + def[h]);
}
```

`def` கூடினால் தற்காப்பு பலவீனம். `tau_def` தான் நாம் கையால் கண்ட விரிவு: k 14 என்பது ஏறக்குறைய 0.27, k 27 என்பது 0.19. ஆகவே `normal(0, 0.4)`-இன் நேர்ப்பாதி இரண்டையும் தாராளமாக உள்ளடக்குகிறது. அதேவேளை, 2 அல்லது 3 போன்ற அபத்தமான விரிவுகளுக்கு இடம் தருவதில்லை. மிகத் தளர்வான முன்பரவலை `tau_def`-க்குக் கொடுத்துவிட்டு, "சுருக்கமே நடக்கவில்லையே" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். நான்கு வாரத் தரவில் விரிவைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. அங்கே முன்பரவல்தான் பேசும்.

அதே காரணத்தால், நடப்பு சீசனின் நான்கு வாரங்களை மட்டும் கொடுத்து இந்த மாடலை ஓட்டாதீர்கள். 40 ஆட்டங்களில் `tau_def` பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம், 0.5-ஆகவும் இருக்கலாம், தரவால் பிரித்துச் சொல்ல முடியாது. முந்தைய சில சீசன்களையும் சேர்த்து, அணி வலிமைகள் ஒவ்வொரு சீசனுக்கும் தனியாகவும் `tau` மட்டும் எல்லாச் சீசன்களுக்கும் பொதுவாகவும் இருக்கும்படி எழுதுங்கள். அப்போது விரிவைச் சொல்ல 20 அணிகளுக்குப் பதில் 100 அணி-சீசன்கள் கிடைக்கும்.

மேலே `att`-ஐ நேரடியாக `normal(0, tau_att)` என்று எழுதாமல் `z`-ஐப் பெருக்கியதற்கும் காரணம் உண்டு. தரவு குறைவாக இருக்கும்போது, `tau` சிறுத்தால் எல்லா அணி வலிமைகளும் பூஜ்யத்தை நோக்கி ஒடுங்கும். பின்பரவல் புனல் வடிவம் எடுக்கும். புனலின் கழுத்துக்குள் சாம்ப்ளரால் நுழைய முடியாது. `divergent transitions` எச்சரிக்கை வருவதும், `tau`-வின் `n_eff` அடிமட்டத்துக்குப் போவதும் அதன் அடையாளங்கள். உடனே `adapt_delta`-வை ஏற்றிவிட்டு எச்சரிக்கை மறைந்ததென்று திருப்தி அடைய வேண்டாம். கழுத்துப் பகுதி விடுபட்டால் `tau` உண்மையைவிடப் பெரிதாக மதிப்பிடப்படும், சுருக்கம் குறைந்துவிடும். விடையின் நடுவிலேயே கோளாறு வந்துவிடுகிறது என்பதால் இது வெறும் தொழில்நுட்பத் தொந்தரவு அல்ல. முழு சீசன் தரவு இருக்கும்போது நிலைமை தலைகீழாகலாம். அப்போது `z` இல்லாத நேரடி வடிவம் நன்றாக ஓடக்கூடும். இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு சுருக்குவது என்பதைத் தரவு சொல்லிவிடும். எதை நோக்கிச் சுருக்குவது என்பதை அது தானாகச் சொல்லாது. மேலே உள்ள மாடல் எல்லா அணிகளையும் ஒரே மையத்துக்கு இழுக்கிறது: லீக் சராசரி. ஆனால் போர்ன்மத் அந்த ஆண்டு புதிதாக ஏறி வந்த அணி. 2021-22-இல் அப்படி ஏறி வந்தவை நார்விச், வாட்ஃபோர்ட், பிரென்ட்ஃபோர்ட். அவை வாங்கியவை முறையே 84, 77, 56. சராசரி 72, லீக் சராசரியின் 1.35 மடங்கு. ஆகவே ஏறி வந்த அணிகளுக்குத் தனி மையம் வைப்பதே நியாயம். `promoted` என்று ஒரு 0/1 மாறியைச் சேர்த்தால் போதும்.

சேர்த்துப் பார்த்தால் போர்ன்மத்தின் மதிப்பீடு ஆட்டத்துக்குச் சுமார் 2.3 ஆகிறது. நடந்தது 1.62. தனி மையம் வைத்ததும் கணிப்பு மோசமாகிவிட்டதே என்று தோன்றும். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, 1.35 என்பது மூன்றே அணிகளின் சராசரி. நான்கு ஆட்டங்களை நம்பாத நாம் மூன்று அணிகளை மட்டும் அப்படியே நம்பலாமா? அந்தக் கெழுவுக்கும் ஒரு முன்பரவல் வேண்டும். பல சீசன்களின் ஏறி வந்த அணிகளும் அதற்குத் தரவு தர வேண்டும். 2022-23-இல் ஏறி வந்த மூன்று அணிகளும் வாங்கியவை 53, 68, 71 என்பதைப் பார்த்தாலே அது எவ்வளவு நகரும் என்று தெரியும். இரண்டு, ஓர் அணியின் ஒரு சீசனை வைத்து மாடலுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மையம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று ஜியான்லூகா பாயோவும் மார்ட்டா பிளான்ஜார்டோவும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. இத்தாலியின் செரி ஆ லீகின் 1991-92 சீசனுக்கு மேலே உள்ளதைப் போன்ற படிநிலை மாடலைப் பொருத்தினார்கள். அந்த ஆண்டு மிலான் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் 34 ஆட்டங்களில் 74 கோல் அடித்துப் பட்டம் வென்றது. அப்படிப்பட்ட அணியையும் நடுத்தர அணிகளையும் ஒரே நார்மல் பரவலில் அடைத்தால், மாடல் இரு முனைகளையும் அளவுக்கு மீறி நடுவே இழுக்கும். மிகைச் சுருக்கம் என்று அவர்களே இதை எடுத்துக்காட்டி, அணிகளை மேல், நடு, கீழ் என்று மூன்று குழுக்களின் கலவையாக்கினார்கள். நார்மலுக்குப் பதில் வால் தடித்த டி-பரவலைப் பயன்படுத்தினார்கள்.

உங்கள் மாடல் மிகையாகச் சுருக்குகிறதா, குறைவாகவா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பல சீசன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நான்காம் வாரத்தோடு நிறுத்தி மாடலை ஓட்டுங்கள். மீதி ஆட்டங்களுக்கு ஒவ்வொரு அணிக்கும் மாடல் சொல்லும் கோல் வீதத்தைக் கிடை அச்சிலும், உண்மையில் நடந்ததை நிலை அச்சிலும் வைத்து ஒரு நேர்கோடு பொருத்துங்கள். சாய்வு 1-ஐ ஒட்டி இருந்தால் சுருக்கம் சரி. 1-க்குக் கீழே போனால் கணிப்புகள் அளவுக்கு மீறி விரிந்திருக்கின்றன, இன்னும் சுருக்க வேண்டும். 1-க்கு மேலே போனால் மிகைச் சுருக்கம். மையத்தையோ பரவலின் வாலையோ திருத்துங்கள். நான்காம் வாரத்தில் சரியாக இருந்து இருபதாம் வாரத்தில் 1-ஐத் தாண்டினால், பெரும்பாலும் ஒற்றை மையமே குற்றவாளி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சுருக்கிய சராசரிகளை வரிசையாக அடுக்கி, "லீக் இவ்வளவு சமமாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். பின்பரவல் சராசரிகளின் விரிவு உண்மையான விரிவைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். விரிவைப் பற்றிக் கேள்வி என்றால் `tau`-வைப் பாருங்கள். எந்த அணி கடைசி இடம் என்று கேள்வி என்றால் பின்பரவலின் ஒவ்வொரு டிராவிலும் தரவரிசை போட்டு, எத்தனை டிராக்களில் அது கடைசியாக வருகிறது என்று எண்ணுங்கள்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆகஸ்டில் நான்காம் வார அட்டவணையை வெளியிடும்போது, ஒவ்வொரு அணியின் எண்ணோடும் இன்னும் இரண்டைச் சேர்த்து வெளியிடுங்கள்: நீங்கள் மதிப்பிட்ட `tau`-வும், அணிகளை எந்த மையத்தை நோக்கி இழுத்தீர்கள் என்பதும். இந்த இரண்டும் தெரியாமல் ஓர் அணி வலிமைப் பட்டியலை யாராலும் சரிபார்க்க முடியாது.

அன்புடன்,
உங்களோடு அதே தரவை அலசும் ஒருவன்